சலுகைக் காலத்தின் கடைசி இரவில் கட்டிய பிரீமியம்: எந்தக் கடிதத்தை முதலில் எழுதுவது?

"திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். ஆயுள் காப்புறுதிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18,450 ரூபாய் கட்டுகிறேன். 2025 டிசம்பர் 5 இல் கட்டவேண்டியது தவறிவிட்டது. ஜனவரி 4 ஞாயிறு இரவு போனிலிருந்து வங்கிச் செயலி மூலம் அனுப்பினேன். 6ஆம் திகதி போட்டுப் பற்றுச்சீட்டு வந்தது. கூடவே பொலிசி காலாவதியாகிவிட்டது, மீள்புதுப்பிப்புப் படிவத்தை நிரப்பித் தாருங்கள் என்று கடிதமும் வந்தது. பத்திரத்தில் 30 நாள் சலுகைக் காலம் என்று இருக்கிறது. டிசம்பரில்தான் எனக்குச் சீனி வருத்தம் என்று சொன்னார்கள். பொலிசியைத் திரும்ப அமுலாக்கச் சொல்லி எப்படி எழுதுவது?"

அந்தப் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். கிளையில் இருப்பவர்கள் நல்ல மனதோடு "இதை நிரப்பினால் இரண்டு கிழமையில் சரியாகிவிடும்" என்று சொல்லலாம். ஆனால் உங்கள் நிலையில் அந்தப் படிவம் இழக்க வேண்டியதில்லாத ஒன்றை இழக்கவைத்துவிடும்.

இதில் இரண்டு வேறு கோரிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, "என் பொலிசி காலாவதியாகவே இல்லை, உங்கள் பதிவைத் திருத்துங்கள்" என்பது. மற்றது, "என் பொலிசி காலாவதியாகிவிட்டது, தயவுசெய்து மீண்டும் அமுலாக்குங்கள்" என்பது. முதலாவது உரிமை. கம்பனி அதை மறுக்க வேண்டுமானால் பத்திரத்தின் வாசகத்திலிருந்து காரணம் காட்ட வேண்டும். இரண்டாவது விண்ணப்பம். அதை ஏற்பதும் மறுப்பதும் கூடுதல் பிரீமியம் கேட்பதும் கம்பனியின் விருப்பம். சலுகைக் காலம் என்ற வாதம் முதலாவது கடிதத்தில் மட்டும்தான் பெறுமதி உள்ளது. சலுகைக் காலம் உண்மையிலேயே முடிந்துவிட்டிருந்தால் "எனக்கு 30 நாள் இருந்தது" என்று எழுதுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பலர் இரண்டையும் ஒரே கடிதத்தில் குழைத்து, "சலுகைக் காலத்தைக் கருத்திற்கொண்டு மீள்புதுப்பிக்குமாறு பணிவுடன் கேட்கிறேன்" என்று எழுதிவிடுகிறார்கள். காலாவதியானதைத் தாங்களே ஒப்புக்கொண்டதாக அந்த வரி வாசிக்கப்படும்.

உங்களுக்குச் சீனி வருத்தம் தெரியவந்திருப்பதால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. நடப்பில் இருக்கும் ஆயுள் பொலிசியில் இடையில் வந்த நோயைக் கம்பனிக்குச் சொல்லும் கடமை பொதுவாக இல்லை. ஒப்பந்தம் ஏற்பட்ட நாளில் உண்மையைச் சொன்னீர்களா என்பதுதான் கேள்வி. மீள்புதுப்பிப்பு அப்படியல்ல. அந்தப் படிவத்தோடு சேர்ந்த சுகாதாரப் பிரகடனத்தில் இன்றைய உடல்நிலையைக் கேட்பார்கள். சீனி வருத்தத்தைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் இரத்தப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள், கூடுதல் பிரீமியம் போடலாம், கொடிய நோய்க்கான அல்லது வைத்தியசாலைச் செலவுக்கான மேலதிகக் காப்பைக் கழற்றிவிடலாம். மறைத்தால் நாளைக்கு உங்கள் பிள்ளைகள் இழப்பீடு கேட்டுப் போகும்போது அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். டிசம்பரில் சீனி கண்டுபிடிக்கப்பட்டபோது பொலிசி நடப்பில் இருந்தது என்பதை நிறுவிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே முதலில் நாட்களை எண்ணுவோம். பத்திரத்தை எடுத்து, சலுகைக் காலம் பற்றிய வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். முகவர் சொன்னதையோ விளம்பரத் துண்டில் இருப்பதையோ நம்ப வேண்டாம். "செலுத்தவேண்டிய திகதியிலிருந்து 30 நாட்கள்" என்று இருந்தால் அந்தத் திகதியை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவதுதான் பொது விதி. உங்கள் கணக்கில் டிசம்பர் 6 முதலாவது நாள், டிசம்பர் 31 இருபத்தாறாவது நாள், ஜனவரி 4 முப்பதாவது நாள். கடைசி நாள் நள்ளிரவு வரைக்கும் உங்களுடையது. கம்பனியின் கணினி டிசம்பர் 5ஐயும் சேர்த்து எண்ணினால் ஜனவரி 3ஆம் திகதியோடு காலம் முடிந்ததாகக் காட்டும். அது துருத்துப் பௌர்ணமி தினம், அதுவும் சனிக்கிழமை. காலாவதிக் கடிதத்தில் எந்தத் திகதியிலிருந்து காலாவதி என்று போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜனவரி 4 என்று இருந்தால் அவர்கள் ஒரு நாளைத் தவறாக எண்ணியிருக்கிறார்கள். ஜனவரி 5 என்று இருந்தால் எண்ணிக்கையில் தகராறு இல்லை, பணம் எப்போது வந்தது என்பதில்தான் தகராறு. டிசம்பர் 5 என்றே இருந்தாலும் கலங்காதீர்கள். சலுகைக் காலம் முடிந்தபின் கட்டாத திகதிக்கே பின்தள்ளிக் காலாவதி குறிப்பது வழமைதான். சலுகைக் காலத்துக்குள் கட்டியதாக நிறுவினால் அதுவும் விழுந்துவிடும்.

சில பத்திரங்களில் "ஒரு மாதம், ஆனால் 30 நாட்களுக்குக் குறையாமல்" என்று இருக்கும். அப்படியிருந்தால் டிசம்பர் மாதத்துக்கு 31 நாள் என்பதால் உங்கள் கடைசி நாள் ஜனவரி 5. இந்த ஒரு சொல் உங்களை எவ்வளவோ பலப்படுத்தும். மாறாக, மாதாந்தம் கட்டுபவர்களுக்கு 15 நாள் மட்டும் கொடுக்கும் பத்திரங்களும் உண்டு. உங்களது காலாண்டுக் கட்டணம் என்பதால் 30 நாள் என்ற வரி உங்களுக்கானதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

விடுமுறை நாள் பற்றியும் பலர் கேட்பார்கள். கடைசி நாள் ஞாயிறாக வந்தால் திங்கள் வரை தானாக நீளும் என்று எண்ணாதீர்கள். பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டுமே நீளும். ஞாயிறன்று கிளை பூட்டியிருந்தது என்பதை அனுதாபத்துக்குச் சொல்லலாம், உங்கள் வாதத்தின் தூணாக வைக்க முடியாது. அதிர்ஷ்டவசமாக உங்களுக்கு அது தேவையும் இல்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமையே அனுப்பிவிட்டீர்கள்.

இனி, ஞாயிறு இரவு போன பணம் 6ஆம் திகதிப் பற்றுச்சீட்டாக எப்படி மாறியது? இதுதான் உங்கள் வழக்கின் மையம். அனுப்பியபோது செயலியில் எந்த வழியைத் தெரிவு செய்தீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். செயலிக்குள் போய், பரிமாற்ற வரலாற்றில் அந்த ஜனவரி 4 வரியைத் திறந்து பாருங்கள். தொகை, நேரம், தொடர்பு இலக்கம், பெறுநரின் கணக்கு இலக்கம், பரிமாற்ற வகை எல்லாம் அங்கே இருக்கும்.

வகை CEFTS என்று இருந்தால் நீங்கள் பலமான இடத்தில் இருக்கிறீர்கள். அது 24 மணிநேரமும், ஞாயிறிலும் போயா தினத்திலும் ஓடும் வழி. பணம் உடனுக்குடன் பெறுநரின் வங்கிக் கணக்கில் விழும். அப்படியானால் ஜனவரி 4 இரவே கம்பனியின் கணக்கில் உங்கள் 18,450 ரூபாய் இருந்தது. திங்கள் 5ஆம் திகதி வங்கிக் கூற்றை யாரோ பார்த்து, செவ்வாய் 6ஆம் திகதி உங்கள் பொலிசிக்கு எதிரே பதிந்திருப்பார்கள். 6ஆம் திகதி என்பது அவர்கள் பதிந்த நாள். கட்டிய நாள் அல்ல. இதைக் கடிதத்தில் இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். கம்பனியின் சொந்த வங்கிக் கூற்றே உங்களுக்குச் சாட்சி.

கம்பனியின் பெயரைப் பட்டியலில் தெரிவு செய்து, பொலிசி இலக்கத்தை அடித்து, கட்டணம் செலுத்தும் பகுதியால் கட்டியிருந்தால் அது இன்னொரு வழி. அங்கே வங்கி பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வேலை நாளில் பட்டியலாகக் கம்பனிக்கு அனுப்பக்கூடும். அப்போது கம்பனி "எங்களுக்கு வந்தது 5ஆம் திகதி" என்று சொல்லலாம். அதற்குப் பதில் இருக்கிறது. அந்த வங்கியையும் அந்த வழியையும் பிரீமியம் கட்டும் வழியாக அறிவித்தது கம்பனிதான். உங்கள் அறிவித்தல் கடிதத்தின் பின்புறத்திலோ கம்பனியின் இணையப் பக்கத்திலோ அது எழுதப்பட்டிருக்கும், ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கம்பனிக்காகப் பணம் வாங்க அதிகாரம் பெற்றவரிடம் கட்டினால் கம்பனியிடம் கட்டியதாகத்தான் கொள்ள வேண்டும். ஆயுள் காப்புறுதிக்கும் முகவர் உறவுக்கும் இலங்கையில் ஆங்கிலச் சட்டம்தான் அடிப்படை. 1852ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்தச் சட்டத்தில் இந்தக் கொள்கை பழையது, உறுதியானது. முகவரிடம் காசாகக் கொடுத்து, அவர் இரண்டு நாள் பிந்திக் கட்டிய சந்தர்ப்பங்களிலும் இதே வாதம்தான். ஆனால் அங்கே திகதியிட்ட தற்காலிகப் பற்றுச்சீட்டு கையில் இல்லாவிட்டால் வாதம் காற்றில் போய்விடும்.

வகை SLIPS என்று இருந்தால் சற்றுச் சிரமம். அது தொகுதி தொகுதியாக, வங்கி வேலை நாட்களில் மட்டும் நகரும் வழி. ஞாயிறு இரவு நீங்கள் கட்டளை கொடுத்தாலும் பணம் திங்கள்தான் போயிருக்கும். அப்போது பத்திரத்தின் வினைச்சொல் தீர்மானிக்கும். சலுகைக் காலத்துக்குள் "செலுத்தப்பட வேண்டும்" என்று இருக்கிறதா, "கம்பனியால் பெறப்பட வேண்டும்" என்று இருக்கிறதா? முதலாவதானால் மீளப்பெற முடியாதபடி கட்டளை கொடுத்ததே செலுத்தியதுதான் என்று வாதிடலாம். இரண்டாவதானால், "ஒரு மாதம்" என்ற வாசகம் இல்லாத பட்சத்தில், உங்கள் முதலாவது கடிதம் பலவீனமானது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த வரியைத் திறந்து வைத்திருக்கும்போதே வேறு இரண்டையும் பாருங்கள். பொலிசி இலக்கத்தைச் சரியாக அடித்தீர்களா? ஒரு இலக்கம் மாறினால் பணம் எந்தப் பொலிசிக்கும் சேராமல் கம்பனியின் கிடப்புக் கணக்கில் நாட்கணக்கில் கிடக்கும். அடுத்தது, தொகை. சில பொலிசிகளில் பிரீமியம் ஆண்டுதோறும் கொஞ்சம் கூடும். பழைய தொகையை அனுப்பிவிட்டு 500 ரூபாய் குறைவதைக் கவனிக்காமல் விட்டவர்களின் பொலிசி, பணம் உரிய நாளில் போயும் காலாவதியாகியிருக்கிறது. பகுதித் தொகையை வைத்துச் சலுகைக் காலத்தைக் காப்பாற்ற முடியாது.

எல்லாம் சரியாக இருந்தால் கடிதத்துக்கு வரலாம். நீளமாக எழுதத் தேவையில்லை, குடும்பக் கஷ்டம் வேண்டாம், சீனி வருத்தமும் வேண்டாம். கேட்காத இடத்தில் அதைச் சொல்லாமல் விடுவது மறைப்பு ஆகாது. இந்தக் கடிதத்தின் விடயம் ஒரு திகதி மட்டும்தான். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் சலுகைக் கால வாசகத்தை ஒரு எழுத்தும் மாறாமல் ஆங்கிலத்திலேயே எடுத்து எழுதி, மற்றதையெல்லாம் தமிழில் எழுதலாம். CEFTS வழியால் போயிருந்தால் இப்படி இருக்கட்டும்:

முகாமையாளர், காப்புறுதிதாரர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொலிசி இலக்கம்: (உங்கள் இலக்கம்)

விடயம்: சலுகைக் காலத்துக்குள் செலுத்தப்பட்ட பிரீமியம் தொடர்பாகக் காலாவதிப் பதிவைத் திருத்துதல்.

மேற்படி பொலிசிக்கு 2025.12.05 அன்று செலுத்தவேண்டிய காலாண்டுப் பிரீமியம் ரூபா 18,450 ஐ 2026.01.04 அன்று இரவு (நேரம்) மணிக்கு உங்கள் (வங்கி, கணக்கு இலக்கம்) கணக்குக்கு CEFTS மூலம் செலுத்தினேன். பரிமாற்றத் தொடர்பு இலக்கம் (இலக்கம்). அதன் பிரதி இணைப்பு 1.

பத்திரத்தின் (இலக்கம்) ஆம் நிபந்தனை செலுத்தவேண்டிய திகதியிலிருந்து 30 நாள் சலுகைக் காலம் அளிக்கிறது. (வாசகத்தை இங்கே அப்படியே எழுதவும்.) அந்தக் காலத்தின் முப்பதாவது நாள் 2026.01.04. எனவே பிரீமியம் சலுகைக் காலத்துக்குள் செலுத்தப்பட்டுள்ளது. உங்கள் பற்றுச்சீட்டில் உள்ள 2026.01.06 என்ற திகதி, பணம் உங்கள் புத்தகத்தில் பதியப்பட்ட நாள். அது பணம் செலுத்தப்பட்ட நாள் அல்ல.

ஆகவே காலாவதிப் பதிவை நீக்கி, பொலிசி இடையறாது அமுலில் இருந்துவருவதை எழுத்தில் உறுதிப்படுத்துமாறு கேட்கிறேன். இதற்கு உடன்பட முடியாதாயின், எந்த நிபந்தனையின் எந்த வாசகத்தின்படி என்பதையும், உங்கள் வங்கிக் கணக்கில் இப்பணம் வரவான திகதியையும் நேரத்தையும், காலாவதிக்கு முன் எனக்கு அனுப்பிய அறிவித்தல்களின் பிரதிகளையும் தருமாறு கேட்கிறேன்.

இந்தப் பொலிசி காலாவதியானதாக நான் ஏற்றுக்கொள்ளவில்லை. செலுத்திய பணத்தை மீளப்பெறவும் நான் விரும்பவில்லை.

அந்தக் கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். தகராறு எழுந்ததும் சில கம்பனிகள் பணத்தைக் காசோலையாகத் திருப்பி அனுப்பும். அதை வங்கியில் போட்டால் நீங்களும் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். வந்தால் மாற்றாமல், ஒரு வரிக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புங்கள். பணத்தை நிபந்தனை எதுவும் எழுதாமல் கம்பனி வைத்துக்கொண்டிருப்பது உங்களுக்கே சாதகம். பற்றுச்சீட்டில் "மீள்புதுப்பிப்புக்கு உட்பட்டு" என்பதுபோல ஏதாவது சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், "பிந்தியது என்று நீங்கள் சொல்லும் பணத்தை மறுப்பேதுமின்றிப் பிரீமியமாகவே ஏற்றுப் பற்றுச்சீட்டும் தந்திருக்கிறீர்கள்" என்று இன்னொரு வரியைக் கடிதத்தில் சேர்க்கலாம்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் துண்டைக் கடிதத்தின் உங்கள் பிரதியிலேயே ஒட்டி வையுங்கள். மற்றதைத் திருகோணமலைக் கிளையில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். முத்திரை வைக்கத் தயங்கினால் பெற்றவரின் பெயரையும் நேரத்தையும் நீங்களே குறித்துக்கொண்டு வாருங்கள். தொலைபேசியில் பேசுவது எதுவும் பின்னால் நிற்காது. பேசினால் அன்றைக்கே "இன்று நீங்கள் சொன்னது இது" என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

இதோடு ஒரு திகதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள்: 2026 மார்ச் 5. தகராறு தீரும்வரை காத்திருப்போம் என்று அடுத்த பிரீமியத்தைக் கட்டாமல் விடுவதுதான் இப்படியான வழக்குகளில் நடக்கும் மிகக் கவலையான தவறு. டிசம்பர்த் தவணையில் நீங்கள் வென்றாலும் மார்ச்சுத் தவணைக்குப் பொலிசி உண்மையிலேயே காலாவதியாகிவிடும். காலாவதியான பொலிசிக்குக் கிளையிலோ செயலியிலோ பணம் ஏற்காமல் போகலாம். அப்போது CEFTS மூலம் கம்பனியின் கணக்குக்கே அனுப்பி, பொலிசி இலக்கத்தைக் குறிப்பில் போட்டு, "மார்ச்சுத் தவணையைச் செலுத்தியுள்ளேன்" என்று கடிதமும் அனுப்புங்கள். இந்தமுறை பெப்ரவரி கடைசியிலேயே செய்துவிடுங்கள்.

கம்பனி மறுத்தால் "இதுவே எங்கள் இறுதி முடிவு" என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். காப்புறுதிதாரருக்கு அது செலவில்லாத வழி. கம்பனியிடம் முறையிட்டு முடித்த பிறகே அங்கே எடுப்பார்கள் என்பதால் அந்த இறுதிக் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு எழுதலாம். இரண்டும் கொழும்பில் என்றாலும் தபாலில் அனுப்பலாம், பயணம் தேவையில்லை. ஒரு பக்கத்துக்கு மேற்படாத கால வரிசையும் இணைப்புகளும் போதும்: பத்திரத்தின் அந்தப் பக்கம், பரிமாற்ற வரி, பற்றுச்சீட்டு, காலாவதிக் கடிதம், உங்கள் கடிதம், அவர்களின் பதில்.

முதலாவது வழி அடைபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். SLIPS, "பெறப்பட வேண்டும்" என்ற வாசகம், இறுதி மறுப்பு, எல்லாமே எதிராகப் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் மீள்புதுப்பிப்பு. அதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். பொலிசி எடுத்து எத்தனை வருடம்? பெரும்பாலான சேமிப்போடு கூடிய பொலிசிகளில் மூன்று வருடப் பிரீமியம் கட்டிமுடித்தால் சரண்டர் பெறுமதி, அதாவது பொலிசியை இடையில் கைவிட்டால் திரும்பக் கிடைக்கும் தொகை, சேர்ந்துவிடும். சில பத்திரங்களில் அந்தப் பெறுமதியிலிருந்து தவறிய பிரீமியத்தைக் கடனாக எடுத்துக் கட்டிக்கொள்ளும் நிபந்தனையும் இருக்கும். உங்கள் பத்திரத்தில் அது இருந்தால் காலாவதி என்ற பேச்சே பிழை. அதையும் வாசித்துப் பாருங்கள்.

மீள்புதுப்பிப்புக்கு எவ்வளவு காலம் இடம் உண்டு என்பது பத்திரத்திலேயே இருக்கும். ஆனால் காலாவதியாகிச் சில மாதங்களுக்குள் போனால் எளிய பிரகடனத்தோடு முடியக்கூடியது, பிந்தப் பிந்த முழு வைத்தியப் பரிசோதனையாக வளரும். நிலுவைப் பிரீமியத்தோடு வட்டியும் கேட்பார்கள். அது பயப்படும் தொகை அல்ல. 18,450 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 வீதம் என்று வைத்தால் 60 நாளுக்கு ஏறக்குறைய 364 ரூபாய்தான். நீங்கள் அனுப்பிய பணம் ஏற்கெனவே அவர்களிடம் இருப்பதால் ஜனவரி 6இற்குப் பிந்திய நாட்களுக்கு வட்டி கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

பிரகடனத்தில் சீனி வருத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள்: கண்டுபிடித்த திகதி, வைத்தியசாலை, எடுக்கும் குளிசையின் பெயர், மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் கடைசி அறிக்கை. சீனி கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகு எடுத்த அறிக்கை இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். கூடுதல் பிரீமியத்தைத் தீர்மானிப்பவர் அதைத்தான் பார்ப்பார். படிவத்தின் கையெழுத்துக்கு மேலே "பொலிசி காலாவதியாகவில்லை என்ற எனது நிலைப்பாட்டுக்குப் பங்கமின்றி" என்று ஒரு வரி எழுதுங்கள். குறைகேள் அதிகாரியிடம் விடயம் நிலுவையில் இருக்கும்போது படிவம் கொடுக்க நேர்ந்தால் இந்த வரி கட்டாயம் வேண்டும்.

மீள்புதுப்பிப்பு ஏற்கப்பட்டால் ஏற்புக் கடிதத்தில் மூன்று இடங்களைத் தேடி வாசியுங்கள். காப்பு எந்தத் திகதியிலிருந்து மீண்டும் தொடங்குகிறது? பொதுவாகக் கம்பனி ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான், நீங்கள் விண்ணப்பித்த நாளிலிருந்து அல்ல. இடைப்பட்ட நாட்கள் காப்பில்லாத நாட்கள். எந்த மேலதிகக் காப்பாவது கழற்றப்பட்டிருக்கிறதா? கம்பனி உங்கள் பிரகடனத்தைக் கேள்விக்குட்படுத்தக்கூடிய காலம் புதிதாக எண்ணப்படுகிறதா? பெரும்பாலும் ஆம், பொலிசி பத்து வருடப் பழையதாக இருந்தாலும் சரி. காலாவதிக் கடிதம் வந்தவுடன் படிவத்தில் ஓடிப்போய்க் கையெழுத்து வைக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொன்று, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்களுக்காக. விடுதி, படகு, கடற்றொழில் என்று வாழ்பவர்களுக்கு வருமானம் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில். வாடைக் காற்று தொடங்கினால் கார்த்திகை, மார்கழி, தையில் கை வறண்டுவிடும். உங்கள் காலாண்டுத் தவணை மார்ச்சு, ஜூன், செப்டெம்பர், டிசம்பர் என்று சுற்றுகிறது. டிசம்பர்த் தவணை ஒவ்வொரு வருடமும் மிக மோசமான நேரத்தில் வந்து நிற்கும். செலுத்தவேண்டிய திகதி பொலிசி தொடங்கிய நாளோடு கட்டுப்பட்டது என்பதால் அதை நகர்த்துவது கடினம். ஆனால் பொலிசியின் ஆண்டு நிறைவில், காலாண்டை ஆண்டுக் கட்டணமாக மாற்ற எழுத்தில் கேட்கலாம். உங்கள் ஆண்டு நிறைவு ஜூனிலோ செப்டெம்பரிலோ வருவதானால் இது மிகவும் பொருந்தும். ஆண்டுக் கட்டணமாகக் கட்டினால் மொத்தத் தொகையும் பெரும்பாலும் கொஞ்சம் குறையும். ஆண்டு நிறைவே டிசம்பரில் என்றால் மாற்றாதீர்கள், முழுப் பாரமும் அந்த ஒரு மாதத்தில் விழுந்துவிடும். அப்படியானவர்கள் ஓகஸ்டிலேயே டிசம்பர்த் தவணையின் தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, நவம்பர் 28ஆம் திகதிக்கு நிலையான கட்டளை கொடுத்துவிடலாம். அன்றைக்குக் கணக்கில் பணம் போதாமல் கட்டளை திரும்பினாலும் வங்கி அதைத் தானாக மீண்டும் முயலும் என்று நம்பியிருக்க வேண்டாம். நவம்பர் 29 காலையில் கணக்கைத் திறந்து, பணம் போயிருக்கிறதா என்று பாருங்கள்.